2022இல் நாட்டைக் கவிழ்த்தது உண்டியலா?

வல்லைவெளி:
வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்கள் பத்து இருபது ரூபாய் லாபத்துக்காக வங்கியை விட்டிட்டு உண்டியல்காரரிட்டக் குடுத்துக் காசு அனுப்பினதாலதான் மத்திய வங்கியின்ர டாலர் கையிருப்பு முடிஞ்சு இலங்கை வங்குரோத்தானது. வங்கியால 2020இல் 7.1 பில்லியன் டாலர் வந்தது, 2022இல் 3.8 பில்லியன்தான். கணக்கு இவ்வளவுதான். யாராவது மறுத்துச் சொல்லுங்கோ பார்ப்பம்.

கணக்குப்பிள்ளை:
பத்து இருபது ரூபாய் லாபமா? 2021 கடைசியில டுபாயில நிண்ட ஒருவரின்ர கணக்கைப் போட்டுப் பார்ப்பம். டாலருக்கு 3.6725 திர்ஹம் எண்டது எப்பவும் மாறாது. ஆயிரம் திர்ஹம் எண்டால் 272 டாலர். வங்கி வீதம் 203, வீட்டுக்குப் போறது 55,275 ரூபாய். உண்டியல்காரன் 240 குடுத்தான், 65,350 ரூபாய். ஒரு மாதத்தில பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். மத்திய வங்கி டிசம்பரில டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை எண்டு அறிவிச்சது. அதைச் சேர்த்தாலும் 57,998தான். ஓட்டையில கால்வாசியைத்தான் அது அடைச்சது. மிச்சம் ஏழாயிரத்து முந்நூறு ரூபாயை ஒரு தொழிலாளி நாட்டுப்பற்றுக்காக விட்டுக்குடுக்க வேணும் எண்டு எதிர்பார்த்த ஆக்களிலதான் பிழை.

டாலரை 200 – 203 எண்டு கட்டிவைச்சது ஆர்? அனுப்பினவை இல்லை.

இன்னொரு விசயம். வங்கிக்கு வாற டாலர் மத்திய வங்கிக் கையிருப்பில சேராது. சேரவே சேராது. இதைத் தெரியாமல் "கணக்கு இவ்வளவுதான்" எண்டு எழுதக் கூடாது.

கொட்டாஞ்சேனை:
வந்துவிட்டார் பேராசிரியர். "சேரவே சேராது" என்கிறீர்களே, 2021 தொடக்கத்தில் வந்த விதியைப் படித்தீர்களா? வெளிநாட்டு ஊழியர் அனுப்பி ரூபாயாக மாற்றிய டாலரில் ஒரு பங்கை வங்கிகள் மத்திய வங்கிக்கு விற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். விற்றால் அது எங்கே போகும்? ஆளுநரின் வீட்டு அலுமாரிக்கா?

கணக்குப்பிள்ளை:
ஒரு பங்கு. நீங்களே எழுதியிருக்கிறீங்கள், ஒரு பங்கு. மிச்சம் எங்க போச்சு எண்டு சொல்லுங்கோ.

நானே சொல்லுறன். கட்டாரில இருந்து 272 டாலர் அனுப்பினால் அது கொழும்புக்குப் பறந்து வாறதில்லை. இங்கத்தை வங்கி நியூயோர்க்கில வைச்சிருக்கிற கணக்கில அது வரவு வைக்கப்படும். இங்க அந்த வங்கி தன்ர ரூபாயை எடுத்து மனிசியின்ர கணக்கில போடும். இப்ப வங்கியிட்ட 272 டாலர் கூடுதலா இருக்கு. அண்டைக்கே பருப்பு இறக்குமதி செய்யிற ஆள், சரக்குக் காசுக்கு வங்கி பொறுப்பு நிக்கிற எல்சியைக் கட்ட வருவார், அவருக்கு அந்த டாலரை விக்கும். நியூயோர்க் கணக்கில இருந்து பருப்பு வித்தவனுக்குப் போயிடும். மத்திய வங்கி இந்தக் கதையில எங்கயும் வரேல்லை. அது சந்தைக்கு வந்து ரூபாய் குடுத்து டாலர் வாங்கினால்தான் கையிருப்பு கூடும்.

2023ஐப் பாருங்கோ. 5.97 பில்லியன் வந்தது. மத்திய வங்கி சந்தையில நிகரா வாங்கினது சுமார் 1.7 பில்லியன். எல்லாம் சேருமெண்டால் மிச்சம் நாலு பில்லியன் எங்கை?

வல்லைவெளி:
நாலு பில்லியனை இறக்குமதிக்குக் குடுத்திச்சு. அந்த நாலு வராட்டில் அதை மத்திய வங்கிதான் தன்ர கையிருப்பில இருந்து குடுத்திருக்கும். அப்ப சேர்ந்த மாதிரித்தானே?

கணக்குப்பிள்ளை:
"சேர்ந்த மாதிரி" வேற, "சேர்ந்தது" வேற.

கொட்டாஞ்சேனை:
இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதினாரா? வல்லைவெளி சொன்னது சரி. குடத்தில் தண்ணீர் ஊற்றினாலென்ன, குடத்திலிருந்து எடுக்காமல் விட்டாலென்ன.

நாகர்கோவில் குமரன்:
ஒரு சந்தேகம். உண்டியல்னா கோயில் உண்டியலா? எங்க ஊர்ல இதுக்கு ஹவாலான்னு சொல்வாங்க. அப்புறம் இந்தியாவுல இந்தப் பிரச்சினை வந்ததே இல்லையே. வளைகுடாவுல இருந்து கேரளாக்காரங்க அனுப்புறதே போதும். நீங்க ஏன் இப்படி அடிச்சிக்கிறீங்க?

கணக்குப்பிள்ளை:
வந்ததே இல்லையா? 1991 எண்ட வருசம் உங்கட நாட்காட்டியில இல்லையோ? குவைத் யுத்தத்தில வளைகுடா வருமானம் அடிபட்டது, எண்ணெய் விலை ஏறினது, வெளிநாட்டு இந்தியர் வங்கியில போட்டு வைச்சிருந்த வைப்புகளை எடுத்தினம். கடைசியில 47 தொன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலயும் ஜப்பான் வங்கியிலயும் அடகு வைச்சுத்தான் தப்பினீங்கள்.

நாகர்கோவில் குமரன்:
அது வைப்புத்தொகைங்க. அனுப்புற பணம் இல்ல. வைப்பைத் திரும்ப எடுக்கலாம், அம்மாவுக்கு அனுப்பின காசைத் திரும்ப எடுக்க முடியாதுல்ல. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசினது நீங்கதான்.

கொட்டாஞ்சேனை:
சபாஷ் தம்பி. இந்த இழையில் முதல் தடவையாக அவருக்கு ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
இந்தியா பிரச்சினை காணாத நாடு எண்டவருக்குத்தான் பதில் சொன்னது. வைப்பும் அனுப்பும் பணமும் வேற எண்டு எனக்கும் தெரியும். விசயத்துக்கு வாங்கோ. வங்கிக்கு வாற டாலர் தானாவே கையிருப்பில சேராது எண்டதை இன்னும் ஒருத்தரும் மறுக்கேல்லை.

தோஹா தம்பி:
அண்ணைமார், நடுவில குறுக்கிடுறதுக்கு மன்னிக்க வேணும். நான் இப்ப வங்கியாலதான் அனுப்புறன். வீட்டில ரூபாயா மாத்தாமல் டாலராவே ஒரு கணக்கில போட்டு வைக்கலாம் எண்டு வங்கியில சொன்னவை. அப்பிடிச் செய்தால் நாட்டுக்கு உதவியா உபத்திரவமா? வட்டி வீதம் எவ்வளவு?

கொட்டாஞ்சேனை:
தாராளமாக வையுங்கள் தம்பி. தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று கேளுங்கள். டாலர் நாட்டுக்குள் வந்துவிட்டதல்லவா, அதுவே பெரிய உதவி. வட்டியை உங்கள் வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வங்கிக்கு வங்கி மாறும்.

கணக்குப்பிள்ளை:
பாருங்கோ, இதுதான் அரைகுறை. தம்பி டாலராவே வைச்சிருந்தால் வங்கியிட்ட டாலரும் இருக்கு, தம்பிக்கு அதே அளவு டாலர் கடனும் இருக்கு. வங்கி அதைக் கடனாக் குடுக்கலாம், ஆனால் ரூபாய்ச் சந்தையில ஒரு சதம் டாலர்கூட விக்கப்படேல்லை. ரூபாயின்ர பெறுமதியைத் தாங்கிறது ரூபாயா மாத்தப்படுற டாலர். 2021 கடைசியில கனபேர் இதைத்தான் செய்தவை. விலை ஏறப் போகுது எண்டு தெரிஞ்சு 203க்கு மாத்தாமல் பிடிச்சு வைச்சினம். ஏற்றுமதியாளரும் அப்பிடித்தான். உண்டியலுக்குப் போகாமலே டாலர் காணாமற் போற வழி இது. தம்பி தன்ர காசை எப்பிடி வைச்சாலும் அது அவரின்ர உரிமை, அது வேற கதை.

மலையருவி:
ஒரு விசயத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரத்துல ஒரு நாள் வெளிய போறதே பெரிய பாடு. பரிமாற்றக் கடையில வரிசை, அடையாள அட்டை, அனுப்புற கட்டணம். உண்டியல்காரன் வாட்ஸப்புல ஒரு செய்தி போட்டா போதும், சாயங்காலத்துக்குள்ள ஊர்ல வீட்டு வாசல்ல காசு. வீதம் மட்டும் காரணமில்ல. வீதம் ஒண்ணா இருந்த காலத்துலயும் உண்டியல் இருந்திச்சு.

கணக்குப்பிள்ளை:
இருந்தது, அதோட ஏழு பில்லியன் வங்கியாலயும் வந்தது. வசதி 2020இலயும் அதே வசதிதான். மாறினது வீதம். 2020 டிசம்பரில 813 மில்லியன், 2021 டிசம்பரில 325 மில்லியன். ஒரு வருசத்தில பணிப்பெண்ணின்ர விடுமுறை நாள் மாறினதோ?

மலையருவி:
நக்கலடிக்காம பேச வராதா உங்களுக்கு?

கொட்டாஞ்சேனை:
வராது. 2021 செப்டம்பர் இழையிலும் இப்படித்தான். அப்போது "வீதத்தைக் கட்டிவைக்காமல் மிதக்க விட்டால் டாலர் 250இல் நிற்கும்" என்று எழுதினார். 2022 மே நடுப்பகுதியில் 360. யாராவது கேட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
செப்டம்பரில விட்டிருந்தால் நிண்டிருக்கும் எண்டு எழுதினது. அவை விட்டது 2022 மார்ச் 7. இடையில ஆறு மாதம் கையிருப்பைக் கரைச்சு, ஜனவரியில 500 மில்லியன் கடன்பத்திரத்தையும் கட்டி, கடைசியில கை வெறுமையா நிண்டு விட்டினம். 230க்கு மேல போகாது எண்டு அறிவிச்சதும் அவையே. சந்தை அறிக்கை வாசிக்கிறதில்லை.

கொட்டாஞ்சேனை:
சரி, அந்த மிதப்புக்கே வருவோம். உங்கள் கதைப்படி வீதம்தானே எல்லாம்? மார்ச்சில் விட்டாயிற்று. மே மாதம் 360. உண்டியலுக்கும் வங்கிக்கும் இருந்த இடைவெளி மிகவும் குறைந்துவிட்டது. அப்படியானால் ஏப்ரலிலேயே பணம் கொட்டியிருக்க வேண்டுமே? 2022 முழு ஆண்டுக்கும் 3.79 பில்லியன். முந்தைய ஆண்டைவிட இன்னும் குறைவு. அதே ஆண்டு மூன்று லட்சத்துக்கும் மேலானோர் வேலைக்கு வெளிநாடு போனார்கள். ஆள் கூடியது, காசு குறைந்தது. இதற்கு உங்கள் 3.6725இல் பதில் இருக்கிறதா?

வல்லைவெளி:
இதுதான் கேள்வி. பதில் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
இருக்கு. உண்டியலை அனுப்புறவையின்ர பக்கத்தில இருந்து மட்டும் பாக்கிறதால வாற குழப்பம் இது. உண்டியல்காரனுக்கு டுபாயில சேருற திர்ஹம் சும்மா கிடந்தால் அவனுக்கு நட்டம். அதை ஆரோ கொழும்பில ரூபாய் குடுத்து வாங்க வேணும். வாங்கிறது இறக்குமதியாளர். ஒரு லட்சம் டாலர் சரக்கு எண்டு வையுங்கோ. சுங்கத்தில அறுபதாயிரம் எண்டு விலைச்சிட்டை காட்டி அதுக்கு மட்டும் வங்கியால கட்டுவார். மிச்சம் நாற்பதாயிரத்துக்குக் கொழும்பில உண்டியல்காரனிட்ட ரூபாய் குடுப்பார், டுபாயில இருக்கிற சரக்குக்காரனுக்கு அங்கயே திர்ஹம் போயிடும். அந்த ரூபாய்தான் பின்னேரம் ஊரில வீட்டு வாசலுக்கு வாறது. டாலர் நாட்டுக்குள்ள வரேல்லை, சரக்கு வந்திச்சு.

இப்ப மார்ச்சுக்குப் பிறகு என்ன நடந்தது? வீதத்தை விட்டினம், இறக்குமதித் தடைகளை விடேல்லை. வங்கியில எல்சி திறக்க ஏலாத இறக்குமதியாளர் என்ன விலை குடுத்தும் உண்டியலில வாங்கினார். அதாலதான் மே மாதத்திலயும் உண்டியல் வங்கியைவிடக் கூடக் குடுத்தது. அதே மே மாதம் அரசாங்கமே அத்தியாவசியம் தவிர்ந்த பொருட்களுக்கு எல்சி இல்லாமல், சரக்கை எடுத்த பிறகு காசு கட்டுற ஓப்பன் அக்கவுண்ட் முறையைத் தடை செய்தது. ஏன் செய்தது? உண்டியலை வாழ வைச்சது அந்தப் பக்கத்துத் தேவை எண்டு அதுக்கு விளங்கினதாலதான். 2023இல தடைகள் தளர, ரூபாய் பலப்பட, இடைவெளி போக, பணம் வங்கிக்குத் திரும்பினது.

கொட்டாஞ்சேனை:
அருமை. இப்போது உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. "வீதத்தை கட்டிவைத்ததுதான் காரணம்" என்று தொடங்கினீர்கள். இப்போது இறக்குமதித் தடையும் காரணம். நாளைக்கு வானிலையும் காரணமாகும்.

கணக்குப்பிள்ளை:
ரெண்டும் ஒரே கயிற்றின்ர ரெண்டு நுனி. 203 எண்டு கட்டினதால டாலர் தட்டுப்பாடு, தட்டுப்பாட்டால தடை. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

முல்லை:
ஒரு கேள்வி கேட்கலாமா? கணக்குப்பிள்ளை சொல்வதுபோல் உண்டியல் டாலர் சரக்காக நாட்டுக்குள் வந்துவிட்டது என்றால், இழப்பு என்று எதுவுமே இல்லை என்கிறாரா? வங்கிக்கு வந்திருந்தால் அதே இறக்குமதியாளர் வங்கிக்கு வந்து அதே டாலரைக் கேட்டிருப்பார். வரவும் போகும், செலவும் போகும். அப்படியா?

கணக்குப்பிள்ளை:
கிட்டத்தட்ட அப்பிடித்தான். 2021இல குறைஞ்ச 1.6 பில்லியன் வங்கியால வந்திருந்தால் கையிருப்பு 1.6 பில்லியன் கூடியிருக்கும் எண்டு வல்லைவெளி நினைக்கிறார். கூடியிராது. அதே இறக்குமதித் தேவை வங்கி வாசலில வந்து நிண்டிருக்கும்.

கொட்டாஞ்சேனை:
இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தேவை ஒன்று என்பதால் எல்லாத் தேவையும் ஒன்றாகுமா? டாலர் வங்கியில் இருந்தால், எந்த எல்சியை முதலில் திறப்பது என்று ஒருவர் முடிவெடுக்கலாம். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் எல்சியை இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும்தான் திறந்தன. அவற்றின் கையில் டாலர் இல்லாததால்தான் மத்திய வங்கி கையிருப்பை உடைத்து எண்ணெய்க் கப்பலுக்கும் மருந்துக்கும் கொடுத்தது. உண்டியலில் போன டாலர் யாருக்குப் போனது? கைத்தொலைபேசிக்கும் தங்கத்துக்கும், பிள்ளையை வெளிநாட்டில் குடியேற்றி சொத்து வாங்குவதற்கும். உண்டியல்காரன் எண்ணெய்க் கப்பலுக்கு எல்சி திறப்பானா? சரக்கு வந்தது, சரக்கு வந்தது என்கிறீர்கள். எந்தச் சரக்கு?

2021இல் கையிருப்பு 5.7இலிருந்து 3.1 பில்லியனாக இறங்கியது. 2.6 பில்லியன் இறக்கம். அதில் 1.6 பில்லியன் அனுப்பும் பணத்தின் வீழ்ச்சி. அதில் பாதியாவது எண்ணெய்க்குப் போயிருந்தால் வரிசையே வந்திராது.

கணக்குப்பிள்ளை:
அந்த 3.1இலயும் ஒன்றரை பில்லியன் சீன மத்திய வங்கியோட செய்த யுவான் மாற்று ஒப்பந்தத்தால வந்தது. கையிருப்பு மூண்டு மாத இறக்குமதிக்குக் காணும் எண்டால்தான் அதைத் தொடலாம். அப்ப உண்மையில இருந்தது அதின்ர பாதி. உங்கட 2.6ஏ பிழை.

கொட்டாஞ்சேனை:
நான் கேட்டது எந்தச் சரக்கு என்று.

கணக்குப்பிள்ளை:
பதில் எழுதுறன், பொறுங்கோ. எண்ணெய்க்குக் காசு இல்லாமற் போனதுக்கு உண்டியல் மட்டும் காரணமெண்டால், ரூபாய் எங்கயிருந்து வந்தது எண்டு கேளுங்கோ. டாலர் வாங்க முதல் ரூபாய் வேணும். 2020 இறுதியில மத்திய வங்கியிட்ட இருந்த அரசாங்கப் பத்திரங்கள் சுமார் 725 பில்லியன் ரூபாய். 2021 இறுதியில சுமார் 1,400 பில்லியன். திறைசேரி உண்டியல் ஏலத்தில வட்டிக்கு உச்சவரம்பு வைச்சினம், ஆரும் வாங்க வரேல்லை, மத்திய வங்கி அச்சடிச்சு வாங்கினது. அந்த ரூபாய் எல்லாம் கடைசியில டாலரைத் தேடித்தான் வந்தது. 2022 ஏப்ரல் 8 புது ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே நாளில ஏழு சதவீதப் புள்ளி ஏத்தினது இதை நிப்பாட்டத்தான்.

நாகர்கோவில் குமரன்:
ஒரு நிமிஷம், அரசாங்கமே உண்டியல் நடத்துச்சா?

மலையருவி:
ஹாஹா. திறைசேரி உண்டியல்னா அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்குற பத்திரம். இலங்கையில அதுக்கும் உண்டியல்தான் பேரு. இவங்க சண்டை அதுல இல்ல. காசு அனுப்புற உண்டியல்லதான்.

வல்லைவெளி:
குமரன் அண்ணைக்கு எல்லா உண்டியலும் கோயில் உண்டியல்.

நாகர்கோவில் குமரன்:
நீங்க "வீதம்"னு எழுதுறப்ப நான் சிரிச்சேனா? எங்க ஊர்ல அதை விகிதம்னுதான் சொல்வோம்.

கொட்டாஞ்சேனை:
எந்தச் சரக்கு?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் அது பெரிய கேள்வி ஆகாது. உண்டியல் சரக்கின்ர பட்டியல் உங்களிட்டயும் இல்லை, என்னிட்டயும் இல்லை. முந்திரிகைக்கும் போயிருக்கும், பால்மாவுக்கும் போயிருக்கும். கடையில பால்மா விலை ஏறிச்சே தவிர நாட்டுக்குள்ள சாமானே வராமல் விடேல்லை.

முல்லை:
பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றது இருவருக்கும் தெரியும். அரசாங்கத் தேவைக்கான டாலரை உண்டியல் கொடுக்காது என்பது கொட்டாஞ்சேனையின் வாதம். அதற்கு அச்சடித்த ரூபாய் பதிலாகாது.

கணக்குப்பிள்ளை:
பதிலாகும். 203 இல்லாமல் 240க்கு வங்கி வாங்கியிருந்தால் அந்த டாலர் வங்கிக்கே வந்திருக்கும், எண்ணெய் எல்சியும் திறந்திருக்கும். பிறகு உண்டியலில எந்தச் சரக்கு எண்ட கேள்வியே வந்திராது. ஆனால் அப்பவும் அது கையிருப்பில சேராது. எண்ணெய்க்காரனுக்குத்தான் போகும்.

வல்லைவெளி:
எண்ணெய்க்காரனுக்கு வங்கி குடுத்தால் மத்திய வங்கி குடுக்கத் தேவையில்லை. குடுக்காட்டில் கையிருப்பு மிஞ்சும். மிஞ்சினால் சேர்ந்த மாதிரித்தானே எண்டுதான் நான் மேலயும் கேட்டது.

கணக்குப்பிள்ளை:
மாதிரி. மாதிரி எண்ட சொல்லை நீங்களே போட்டிருக்கிறீங்கள்.

கொட்டாஞ்சேனை:
இவருடன் கதைத்தால் இரத்த அழுத்தம்தான் மிதக்கும். 2021 செப்டம்பர் இழையின் 250 கணக்குக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பதில் மேல இருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவைக்கு.

தோஹா தம்பி:
அண்ணை, அப்ப நான் டாலராவே வைக்கிறதா, ரூபாயா மாத்திறதா?